திங்கள் காலை 10 மணிக்கு ‘சின்னதாக ஒரு பேச்சு’

வெள்ளிக்கிழமை மாலை 6:40. காலண்டரில் ஒரு அழைப்பு வந்து விழுகிறது. தலைப்பு ‘சின்னதாக ஒரு பேச்சு’. நேரம் திங்கள் காலை 10 முதல் 10:30 வரை. அழைக்கப்பட்டவர்கள் மூன்று பேர்: அந்த ஊழியர், அவருடைய மேனேஜர், எச்.ஆரிலிருந்து ஒருவர். எச்.ஆர். பெயருக்குப் பக்கத்தில் ‘கட்டாயமில்லை’ என்ற குறி. உள்ளே ஒரு வரிகூடக் கிடையாது.

இதை அனுப்பிய மேனேஜரைக் கேட்டால், ‘பயமுறுத்தக் கூடாதென்றுதான் எதுவும் எழுதவில்லை’ என்பார். உண்மையாகத்தான் சொல்வார். நான் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி அழைப்புகளை அனுப்பும் முன் ‘இது சரியா பாருங்கள்’ என்று என்னிடம் காட்டுபவர்கள் உண்டு. அனுப்பிய பிறகு வந்து நிற்பவர்கள் அதைவிட அதிகம். அவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வெற்று அழைப்பு அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. இதமாக நடந்துகொள்வதாக நினைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

வருடாந்திர அப்ரைசலை இங்கே விட்டுவிடுகிறேன். அதற்கென்று ஒரு மாதம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகிறது. அதன் தலைப்பைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கான கடிதமும் வேறு கதை, அதற்கு விதிமுறை உண்டு. சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவருடைய வேலையில் குறிப்பிட்ட ஒரு விஷயம் சரியாகப் போகவில்லை, அதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும், ஆனால் முறையான நடவடிக்கை எதுவும் தொடங்கவில்லை. இந்த உரையாடலுக்குப் படிவமும் கிடையாது, பழக்கமான பெயரும் கிடையாது. அதனால்தான் மேனேஜர்கள் ‘பேச்சு’, ‘கேட்ச்-அப்’, ‘சிங்க்’ என்று எதையாவது போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

வெற்று அழைப்பு ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்பதற்கு ஒரு ஆய்வு எனக்கு உதவியது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்டது. 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் பாறைகளைப் புரட்டச் சொன்னார்கள். அடியில் பாம்பு இருக்குமா என்று முதலில் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. எந்தப் பாறையில் பாம்பு வர எவ்வளவு வாய்ப்பு என்பது விளையாட்டு போகப் போக மாறிக்கொண்டே இருந்தது. வியர்வை, கண்மணியின் விரிவு, அவர்களே சொன்ன பதற்றம் என்று மூன்றையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. மின்னதிர்ச்சியும் மேனேஜர் அழைப்பும் ஒன்றில்லை என்பது சரிதான். ஆனால் கெட்ட செய்தியைவிட ‘கெட்ட செய்தியாக இருக்குமோ’ என்பது மோசம் என்பதை இரண்டு நாள் அதோடு குடித்தனம் நடத்திய எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

இதிலிருந்து அழைப்பு எழுதுபவருக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. பிரச்சினையைச் சிறியதாகக் காட்டுவது அவர் வேலையில்லை. அவர் குறைக்க வேண்டியது நிச்சயமின்மையை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி அழைப்புகள் கெட்டுப்போகின்றன.

ஒரு உதாரணத்தை முழுசாகவே பார்த்துவிடலாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வாடிக்கையாளர் சேவைக் குழு ஒன்று. பணத்தைத் திரும்பக் கேட்கும் ரீஃபண்ட் கோரிக்கைகளைப் பார்க்கும் ஒரு பெண். கோரிக்கை வந்து 24 மணி நேரத்துக்குள் முதல் பதில் போக வேண்டும் என்பது குழுவின் விதி. கடந்த ஆறு வாரங்களாக அவருடைய பதில்கள் பல நேரம் அந்த வரம்பைத் தாண்டின. சில மூன்று நாள் வரை இழுத்தன. இரண்டு வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்டுவிட்டார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்து நாளாகிவிட்டது, இதுவரை இப்படி ஆனதில்லை. மேனேஜருக்குக் காரணம் தெரியவில்லை. பேச வேண்டும்.

முதல் வரைவு மேலே சொன்னது போன்ற ஒரு வெற்று அழைப்புதான். நல்லவேளையாக அதை அனுப்பவில்லை, என்னிடம் காட்டினார். எச்.ஆரை ஏன் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘சும்மா, ஒரு சாட்சிக்கு’ என்றார். அந்தப் பதிலைக் கேட்டதுமே எச்.ஆர். பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டத்தில் சாட்சி தேவைப்படும் எதுவும் அங்கே நடக்கப்போவதில்லை. ‘கட்டாயமில்லை’ என்ற குறியைப் பார்த்து யாரும் ஆறுதல் அடைவதும் இல்லை. ஊழியர் கண்ணில் படுவது அந்தப் பெயர் மட்டும்தான்.

இரண்டாவது வரைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தலைப்பு அதே ‘சின்னதாக ஒரு பேச்சு’. உள்ளே: ‘பயப்பட ஒன்றுமில்லை! சாதாரணமாகப் பேசத்தான். நீங்கள் பிரமாதமாக வேலை செய்கிறீர்கள்.’

இதில் எனக்கு இரண்டு மறுப்பு இருந்தது. ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்ன பிறகுதான் பயப்பட ஏதோ இருக்கிறது என்று தோன்றும், அது முதலாவது. இரண்டாவதுதான் முக்கியமானது. அது உண்மையில்லை. பதில்கள் தாமதமாகின்றன, புகார் வந்திருக்கிறது. ‘பிரமாதமான வேலை’ என்று எழுதிவிட்டு, திங்கட்கிழமை அறைக்குள் அழைத்துத் தாமதங்களின் பட்டியலை எடுத்து வைத்தால், தன்னை ஏமாற்றி உள்ளே கூட்டி வந்ததாகத்தான் அவர் நினைப்பார். அதற்கப்புறம் அந்த மேனேஜர் உண்மையாகவே பாராட்டினாலும் அவர் காதில் ஏறாது. பொய் சமாதானத்தின் விலை இந்தச் சந்திப்போடு முடிவதில்லை, அடுத்து வரும் எல்லா அழைப்புகளிலும் அது கழிந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது வரைவு நீளமாக வந்தது. தாமதமான ஒவ்வொரு கோரிக்கையும் எண்ணோடு, தேதியோடு. வாடிக்கையாளர்கள் எழுதியதிலிருந்து வரிகள். ‘உங்கள் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் ஒரு பத்தி. நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று நான் சொன்னதன் விளைவு அது. அதைப் படிக்கும் யாருக்கும் உரையாடலுக்கான அழைப்பாகத் தெரியாது, தீர்ப்பை முன்கூட்டியே அனுப்பியது போல் இருக்கும். அதோடு ‘கவனக்குறைவு’ என்பது மேனேஜருக்குத் தெரிந்த விஷயமில்லை, அவருடைய ஊகம். தெரிந்தது பதில் நேரம் மட்டும்தான். அழைப்பில் பார்த்ததை எழுதலாம், ஊகித்ததை எழுதக் கூடாது. காரணத்தைக் கேட்கத்தானே கூப்பிடுகிறோம்?

கடைசியில் போன அழைப்பு இது. தலைப்பு: ‘ரீஃபண்ட் பதில் நேரம் – நாம் இருவரும்’. உள்ளே:

‘வணக்கம். காலையில் சொன்னதுபோல, ரீஃபண்ட் கோரிக்கைகளுக்கு முதல் பதில் போகும் நேரம் பற்றிப் பேச இந்த அரை மணி நேரத்தை வைத்திருக்கிறேன். கடந்த ஆறு வாரங்களில் 24 மணி நேரத்தைத் தாண்டிய பதில்கள் கூடியிருக்கின்றன. இரண்டு வாடிக்கையாளர்கள் எழுதியும் கேட்டிருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்று முதலில் உங்களிடம் கேட்க விரும்புகிறேன். அப்புறம் என்ன மாற்றலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

நாம் இருவர் மட்டும்தான் இருப்போம். இது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, இந்தச் சந்திப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வராது. அதே நேரம் பதில் நேரம் மறுபடி வரம்புக்குள் வர வேண்டும் என்பது முக்கியம். ஒரு மாதம் கழித்து இதைத் திரும்பப் பார்ப்போம்.

நீங்கள் எதையும் தயார் செய்ய வேண்டியதில்லை. நான் பார்த்த கோரிக்கைகளின் பட்டியலைத் தனி மெயிலில் அனுப்புகிறேன், விருப்பமிருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த நேரம் ஒத்துவராவிட்டால் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.’

இதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அப்படி ஒரு அழைப்பு வந்ததும் மனதில் எழும் கேள்விகளுக்கு அவை எழும் வரிசையிலேயே பதில் இருக்கிறது. எதைப் பற்றி? எவ்வளவு பெரிய விஷயம்? யார் யார் இருப்பார்கள்? என் வேலைக்கு ஆபத்தா? நான் என்ன செய்ய வேண்டும்? எனக்கு இதில் ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற வரி. பெரும்பாலானவர்கள் மாற்றுவதில்லை. ஆனாலும் மாற்றலாம் என்பது தெரிந்தால், சம்மன் வந்த மாதிரி தோன்றாது.

‘எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வராது’ என்ற வரியில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். இந்த அழைப்பிலேயே மிகவும் ஆறுதலான வரி அதுதான், மிகவும் ஆபத்தான வரியும் அதுவே. உண்மையாக இருந்தால் மட்டும் எழுதலாம். அதனால் மேனேஜரிடம் நேராகக் கேட்டேன்: அவர் உள்ளே வந்து, ‘ஆமாம், எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, அதனால்தான் தள்ளிப்போடுகிறேன்’ என்றே சொல்லிவிட்டால்? அப்போதும் அன்றைக்குக் கடிதம் கொடுக்க மாட்டீர்களா? கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அன்றைக்குக் கொடுக்க மாட்டேன்’ என்றார். சரி, அப்படியானால் எழுதலாம். ‘இந்தச் சந்திப்பிலிருந்து’ என்ற இரண்டு சொல் அதனால்தான் அங்கே இருக்கிறது. எப்போதைக்குமான உறுதியை யாராலும் தர முடியாது, தரவும் கூடாது. ஒரு மாதம் கழித்தும் எதுவும் மாறவில்லை என்றால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதை அந்த அறையில் பேசலாம்.

அந்த உறுதியை மனதறிந்து கொடுக்க முடியாவிட்டால், நீங்கள் அழைப்பது இந்த வகை உரையாடலுக்கே இல்லை. அப்போது இந்தக் கட்டுரையில் உள்ள இதமான வரிகளை எடுத்து ஒட்ட வேண்டாம். முறையான நடவடிக்கை தொடங்கப்போகிறது என்றால் அதன் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும். பி.ஐ.பி. என்று அலுவலகங்களில் சொல்லும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்குவதானால், அந்தச் சொல் அழைப்பில் இருக்க வேண்டும். சில நாடுகளில் இது நாகரிகம் சார்ந்த விஷயம் மட்டுமில்லை. பிரிட்டனில் ஏகாஸ் என்ற அமைப்பின் நெறிமுறைப்படி, ஒழுங்கு விசாரணைக்கு அழைக்கும்போது என்ன குற்றச்சாட்டு, அல்லது வேலையில் என்ன குறை, அதன் விளைவுகள் என்னவாக இருக்கலாம் என்பதை ஊழியர் தயாராகும் அளவுக்கு எழுத்தில் தர வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வரும் உரிமை 1999-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ‘சின்னதாக ஒரு பேச்சு’ என்று கூப்பிட்டு எச்சரிக்கை கொடுத்தால், மனதைப் புண்படுத்தியதோடு விஷயம் முடியாது, நடவடிக்கையே சிக்கலில் மாட்டும். எந்த நாடாக இருந்தாலும் அனுப்பும் முன் உங்கள் நிறுவனத்தின் விதிமுறையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எச்.ஆர். அறையில் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தால், அவரைச் சேர்த்துவிட்டு ஏன் சேர்த்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். விளக்கம் இல்லாத எச்.ஆர். பெயர்தான் பீதியைக் கிளப்பும். ‘விதிப்படி இந்தக் கூட்டத்தில் குறிப்பு எடுக்க எச்.ஆரிலிருந்து ஒருவர் இருப்பார்’ என்றால் அவர் எதற்கு வருகிறார் என்பதாவது தெரியும்.

அப்புறம் தலைப்பு. உள்ளே இருப்பது ஊழியருக்காக எழுதப்படுவது, தலைப்பு ஊருக்கே தெரியக்கூடியது. காலண்டரைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களில் சக ஊழியர்கள் பார்ப்பார்கள். போனின் பூட்டுத் திரையில் முதலில் தெரிவது தலைப்புதான். அவுட்லுக்கில் நினைவூட்டல் இயல்பாக 15 நிமிடம் முன்னால் எழும்பும், அந்த நேரம் அவர் திரையைப் பகிர்ந்துகொண்டு வேறு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். கூட்ட அறையின் கதவுக்குப் பக்கத்தில் சின்னத் திரை மாட்டியிருக்கும் இடங்களில் தலைப்பு அங்கேயும் ஓடலாம். அதனால் ‘செயல்திறன் குறித்த கவலைகள்’ என்று எழுதினால் உள்ளே எவ்வளவு இதமாக எழுதியும் பலனில்லை, பாதை ஓரமாகப் போகிறவரெல்லாம் படித்துவிடுவார்.

இதற்குப் பயந்துதான் பலர் ‘பேச்சு’ என்று எழுதுகிறார்கள். ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கிறது: தலைப்பில் வேலையின் பெயரை வையுங்கள், ஆளைப் பற்றிய மதிப்பீட்டை வைக்காதீர்கள். ‘ரீஃபண்ட் பதில் நேரம்’ என்று பக்கத்து மேசைக்காரர் படித்தால் ஏதோ வேலை விஷயம் என்று போய்விடுவார். அழைக்கப்பட்டவருக்கோ எதைப் பற்றி என்பது அந்தக் கணமே புரிந்துவிடும்.

அழைப்பைத் ‘தனிப்பட்டது’ என்று குறிப்பதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பல அலுவலகங்களின் மெயிலையும் காலண்டரையும் பின்னாலிருந்து நடத்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் ஒரு வேடிக்கை உண்டு. அறையை முன்பதிவு செய்யும்போது, அறையின் காலண்டருக்கு வந்து சேரும் அழைப்பிலிருந்து ‘தனிப்பட்டது’ என்ற குறியை நீக்கிவிடுவதுதான் இயல்புநிலை அமைப்பு. அதே இயல்புநிலையில் தலைப்பையும் எடுத்துவிட்டு, அழைத்தவரின் பெயரை அந்த இடத்தில் போட்டுவிடும், அதனால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் கதவுத் திரையில் கூட்டத்தின் பெயர் தெரியட்டும் என்று யாராவது அந்த இரண்டாவது அமைப்பை மட்டும் மாற்றி வைத்திருந்தால், நீங்கள் மறைத்ததாக நினைத்த தலைப்பு வெளியே வந்து நிற்கும். உங்கள் அலுவலகத்தில் எப்படி என்று ஒரு போலிக் கூட்டம் போட்டுக் கதவுத் திரையைப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டியலை அழைப்போடு இணைக்காமல் தனி மெயிலில் அனுப்பச் சொன்னதும் இதே காரணத்தால்தான். காலண்டர் அழைப்பு ஊர் சுற்றும் பொருள். அதை யாருக்கும் முன்னனுப்பலாம், மேலதிகாரிகளின் காலண்டரை அவர்களுடைய உதவியாளர்கள் திறந்து பார்ப்பார்கள். வாடிக்கையாளர் புகாரும் ஒருவருடைய தாமதக் கணக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, சில மேனேஜர்கள் இதில் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். வார இறுதியைத் தாண்டி எதையும் அனுப்பக் கூடாது. வெள்ளி மாலை அனுப்பித் திங்கள் பேசுவது என்பது மேனேஜருக்கு வாரத்தின் கடைசி வேலையை முடித்த நிம்மதி, ஊழியருக்கு மூன்று ராத்திரி. திங்கள் காலை அனுப்பிச் செவ்வாய் பேசினால் என்ன குறைந்துவிடும்? ஒரு முழு வேலை நாள் இடைவெளி எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. பட்டியலைப் பார்க்கவும், தன் பக்கத்தை யோசிக்கவும் அது போதும். ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பினால் மரியாதை என்று நினைப்பார்கள். ஆனால் அந்த ஒரு வாரமும் அவர் வேறு எதைப் பற்றியும் யோசிக்க மாட்டார். பத்து நிமிடம் முன்னால் அனுப்புவது மறுகோடி. அதில் கவலைப்பட நேரம் இருக்காது, யோசிக்கவும் நேரம் இருக்காது. வேறு நேர மண்டலத்தில் இருப்பவருக்கு அனுப்பினால் அவருடைய கடிகாரத்தைப் பாருங்கள். நடு ராத்திரியில் போன் ஒளிர்ந்து இந்தத் தலைப்பைக் காட்ட வேண்டியதில்லை.

அழைப்பின் முதல் வரியில் ‘காலையில் சொன்னதுபோல’ என்று இருக்கிறதல்லவா, அது அலங்காரம் இல்லை. முதலில் வாயால் சொல்லிவிட்டு, அதன் பிறகே அழைப்பை அனுப்பச் சொன்னேன். நேரிலோ, தூரத்தில் இருந்தால் போனிலோ, இரண்டே வாக்கியம்: ‘ரீஃபண்ட் பதில்கள் தாமதமாவது பற்றி நாளைக்குக் கொஞ்சம் பேச வேண்டும். நாம் இரண்டு பேர்தான், இப்போதே காலண்டரில் போட்டுவிடுகிறேன்.’ அங்கேயே விவாதத்தைத் தொடங்கக் கூடாது. ‘எது தாமதம்? எந்தக் கோரிக்கை?’ என்று அவர் கேட்டால், ‘பட்டியல் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு வாருங்கள், நாளைக்கு முழுசாகப் பேசலாம்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். குரலில் இருப்பது எழுத்தில் வராது. வாயால் கேட்ட பிறகு வரும் அழைப்பு, கேட்டதை உறுதிப்படுத்தும் காகிதம் ஆகிவிடுகிறது.

வாராவாரம் நடக்கும் ஒன்-டு-ஒன் சந்திப்பிலேயே இதைப் பேசிவிட்டால் தனி அழைப்பே வேண்டாமே என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஒரு நிபந்தனையோடு: முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்திப்பின் நிகழ்ச்சிநிரலில் ‘ரீஃபண்ட் பதில் நேரம்’ என்று ஒரு வரி போட்டாலே போதும். சொல்லாமல் அங்கே கொண்டுபோய் இறக்கினால், அந்த ஊழியருக்கு இனி ஒவ்வொரு வாரமும் ஒன்-டு-ஒன் என்றால் வயிற்றைக் கலக்கும். பயமில்லாமல் பேச இருந்த ஒரே இடத்தையும் கெடுத்தது போலாகும்.

அனுப்பிய பிறகு அழைப்பைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவருக்கு ஒரு அறிவிப்பு போகும். நேரம் இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாவது முறை புதிதாக ஒரு பெயர் சேர்ந்தால், அவர் அதை ஒரு கதையாகவே படிப்பார். அந்தக் கதை எப்படி முடியும் என்பது உங்களுக்கே தெரியும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் காரணத்தை ஒரு வரியில் போடுங்கள்: ‘அறை கிடைக்கவில்லை, விஷயம் அதேதான்.’

அழைப்பு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது எப்படித் தெரியும்? ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற பச்சைக் குறி எதையும் சொல்லாது. பயந்தவர்தான் வந்த நொடியே அதை அழுத்துவார். ‘எதைப் பற்றி என்று சொல்ல முடியுமா?’ என்று பதில் வந்தால் நோக்கம் போய்ச் சேரவில்லை. அப்படிக் கேட்பவரிடம் ‘நேரில் பேசலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைவிடக் கொடுமையான பதில் வேறில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் ‘என்னை வேலையை விட்டு எடுக்கிறீர்களா?’ என்பது முதல் கேள்வியாக இருந்தாலும் அதே கோளாறுதான்.

இன்னொரு அடையாளம் இருக்கிறது, அது சுலபத்தில் கண்ணில் படாது. ஊழியர் வேறு ஏதோ ஒன்றுக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வருவார். மேனேஜர் பதில் நேரத்தைப் பற்றிப் பேச வாயைத் திறக்கும் முன், போன மாதம் ஒருவரிடம் கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிடுவார். அல்லது யாரும் கேட்காத ஒரு விடுமுறைக்கு மருத்துவச் சான்றிதழை எடுத்து நீட்டுவார். தலைப்பு இல்லாத அழைப்பை வைத்துக்கொண்டு, தன் மேல் என்னென்ன குற்றம் இருக்க முடியும் என்று ராத்திரி முழுக்கத் தானே பட்டியல் போட்டிருப்பார். பிறகு உண்மையான விஷயத்தைப் பேச நேரம் இருக்காது, இருந்தாலும் அதைப் பற்றி அவர் எதுவும் யோசித்து வந்திருக்க மாட்டார்.

நம் ரீஃபண்ட் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. அந்தப் பெண் பட்டியலை முந்தின நாளே பிரித்துப் பார்த்துவிட்டார். தாமதமானவற்றில் ஒரு பெரிய பகுதி குறிப்பிட்ட தொகைக்கு மேலான ரீஃபண்டுகள். அவற்றுக்குக் கணக்குப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்று சமீபத்தில் ஒரு மாற்றம் வந்திருந்தது. ஒப்புதல் வரும் வரை பதில் எழுதக் கூடாது என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். ‘கோரிக்கை கிடைத்தது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று முதல் பதில் அனுப்பிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேனேஜருக்கோ அந்த மாற்றம் இந்தக் குழுவைத் தொட்டதே தெரியாது. அதே பட்டியலில் இந்த ஒப்புதலோடு சம்பந்தமில்லாத கோரிக்கைகளும் இருந்தன. அவை வெறுமனே தள்ளிப்போடப்பட்டவை. அதை அவரே காட்டினார், சாக்குச் சொல்லவில்லை. பேச்சு சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெளியே வந்தபோது அவர் முகம் வாடித்தான் இருந்தது என்று மேனேஜர் சொன்னார். ஆனால் அரை மணி நேரமும் பதில் நேரத்தைப் பற்றியே போனது.

எல்லாப் பயத்தையும் ஒரு அழைப்பால் போக்கிவிட முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு காலண்டர் அழைப்போடு வேலை போனவர், எதை எழுதினாலும் முதலில் பதறத்தான் செய்வார். நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் புதுக் கணினி வாங்குவது பற்றிய கூட்டத்துக்கு அழைத்தாலும் ஆட்கள் வெளிறிப்போவார்கள். அந்த மாதிரி நேரத்தில் நான் மேனேஜர்களிடம் சொல்வது, ‘இது ஆட்குறைப்பு சம்பந்தப்பட்டதில்லை’ என்பதை அப்படியே எழுதிவிடுங்கள் என்று. அதுவும் உண்மையாக இருந்தால், அது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் மட்டும். தெரியாவிட்டால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதைத் தெளிவாக எழுதுங்கள்.

அழைப்பில் ‘ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்’ என்று எழுதியிருந்தோம் அல்லவா, அதற்கான அடுத்த அழைப்பை மேனேஜர் தன் மேசைக்குப் போய் அனுப்பவில்லை. அந்த அறையிலேயே, இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு போட்டார்கள். தேதியை அந்தப் பெண் தேர்ந்தெடுத்தார், தலைப்பையும் அவரே சொன்னார்: ‘ரீஃபண்ட் பதில் நேரம் – இரண்டாம் பார்வை’.